வாரம் ஒன்றா, இரண்டா? சராசரிப் பார்வை ஏமாற்றும் இடங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வயல், குளம், சமையல் என்று யூடியூப் சேனல் நடத்துகிறவர்கள் சிலர் வாரம் ஒரு வீடியோவிலிருந்து இரண்டுக்கு மாறிப் பார்க்கிறார்கள். சராசரிப் பார்வை இறங்கியதும், "புதுசு பழசைத் தின்னுது" என்று திரும்பவும் ஒன்றுக்கே போய்விடுகிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சராசரி மட்டும் அதைச் சொல்லாது.

இன்றுவரையான மொத்தப் பார்வையை ஒப்பிடுவதுதான் முதல் தவறு. பழைய வீடியோவுக்குப் பார்வை சேரக் கூடுதல் காலம் கிடைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் வெளியான முதல் ஏழு நாளை மட்டும் எடுங்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த அன்று போட்ட வீடியோ போல ஒன்று தனியாகப் பாய்ந்திருந்தால், அதை ஒதுக்கி வையுங்கள். அந்த ஒன்றே மாரிக்காலச் சராசரி முழுவதையும் தூக்கிக் காட்டிவிடும்.

பெரிய தவறு அடுத்தது. ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். ஞாயிறு மட்டும் போட்ட காலத்தில் ஒரு வீடியோ ஏழு நாளில் 2000 பார்வை எடுத்தது: புதன் வரை 1200, வியாழன் முதல் சனி வரை 800. பிறகு வியாழனும் போடத் தொடங்கினீர்கள். இப்போது ஞாயிறு வீடியோவுக்கு 1500, வியாழன் வீடியோவுக்கு 1100. சராசரி 1300 என்று விழுந்துவிட்டது. ஆனால் வாரத்துக்கு இரண்டும் சேர்ந்து 2600.

சரி, ஞாயிறு இழந்த 500 எங்கே போனது? அந்த 1500-ஐ நாள்வாரியாகப் பிரியுங்கள். புதன் வரை 1150, வியாழனுக்குப் பிறகு 350 என்று வந்தால், விழுந்தது கிட்டத்தட்ட முழுவதும் புது வீடியோ வந்த பிறகுதான். அது பார்வை பறிப்பு. வியாழன் வீடியோவின் 1100-இல் உண்மையான கூடுதல் 600 தான். புதன் வரை 900, பிறகு 600 என்று வந்தால் கதை வேறு. புது வீடியோ வருவதற்கு முன்பே அதே விகிதத்தில் குறைந்திருக்கிறது. அப்போது தலைப்பையும், தம்ப்நெயிலையும், அவசரத்தில் செய்த எடிட்டிங்கையும், பருவத்தையும்தான் சந்தேகிக்க வேண்டும். அறுவடைக் காலத்தையும் கோடையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் பருவம்தான் கணக்கில் பேசும். நான்கு வாரம் ஒன்று, நான்கு வாரம் இரண்டு, மறுபடி நான்கு வாரம் ஒன்று என்று மாற்றிப் பார்ப்பது இதனால்தான்.

பறிப்பு என்று தெரிந்தால், ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் Traffic source பகுதியைத் திறந்து பாருங்கள். பறிப்பு பெரும்பாலும் Browse features-இல்தான் தெரியும். முகப்பில் உங்கள் இரண்டு வீடியோவும் ஒரே ஆளுக்காகப் போட்டி போடுகின்றன. YouTube search வழியாக வருகிறவர் தேடி வருகிறவர், வியாழன் வீடியோ அவரை அவ்வளவாகத் தொடாது. அதனால் ஞாயிறு வயல் வீடியோவை அப்படியே வைத்துக்கொண்டு, வியாழனுக்கு "நெல்லில் மடிச்சுக்கட்டி தாக்கம்" போல ஆட்கள் தேடுகிற ஒன்றைப் போட்டு, அதே பிரிப்பை இன்னொரு நான்கு வாரம் செய்து பாருங்கள்.