வட்ட சீல்ல சுத்தி இருக்குற எழுத்தை வரிசை மாறாம படிச்சு டைப் பண்றது எப்படி

வீட்ல ஒரு பழைய வாரிசு சான்றிதழை மொழிபெயர்க்கக் குடுக்க வேண்டி வந்துச்சு. மேட்டரை எல்லாம் டைப் பண்ணிட்டேன், கடைசில அந்த ஊதா கலர் வட்ட சீல்ல என்ன இருக்குன்னும் எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க. அதுக்கு எனக்கு ஒரு ராத்திரி போயிடுச்சு. அந்த சீலையே உதாரணமா வச்சு சொல்றேன்.

முதல்ல போட்டோ

பேப்பர் முழுசும் தெரியுற மாதிரி, நேரா மேல இருந்து எடுங்க. சீலை மட்டும் கிட்டப் போயி சாய்வா எடுத்தா வட்டம் முட்டை மாதிரி ஆயிடும், அப்புறம் எல்லாமே தப்பும். போன்ல இருக்குற ஸ்கேன் ஆப் பேப்பரோட நாலு மூலையையும் வச்சு நிமித்திக் குடுக்கும், அதுவே போதும். ஆனா கறுப்பு வெள்ளையா சேவ் பண்ணாதீங்க, கலர்லயே வைங்க, பின்னாடி தேவைப்படும்.

6 மணி இடத்தைப் பாருங்க

நான் மாட்டிக்கிட்ட இடம் இதுதான், அதனால கொஞ்சம் மெதுவா சொல்றேன். சீலை ஒரு கடிகாரம்னு வச்சுக்கோங்க. 12 மணி பக்கம் இருக்குற எழுத்துல சிக்கல் இல்ல, இடமிருந்து வலமா, கடிகார முள் போற திசையிலயே போகும். 6 மணி இடத்துல இருக்குற எழுத்தோட தலை எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க.

தலை வெளி வளையத்தைப் பாத்து இருந்தா, அதாவது நமக்கு தலைகீழா தெரிஞ்சா, மொத்தமும் ஒரே வரி. முள் திசையிலயே சுத்திப் படிச்சுட்டுப் போகலாம். தலை நடு மையத்தைப் பாத்து, நமக்கு நேரா தெரிஞ்சா, அது தனி வரி. இடமிருந்து வலமா, அதாவது முள்ளுக்கு எதிர்த்திசைல படிக்கணும். இந்த ரெண்டாவது வகைல 9 மணிக்கும் 3 மணிக்கும் பக்கத்துல பெரும்பாலும் ஒரு நட்சத்திரமோ புள்ளியோ இருக்கும், மேல் வரி எங்க முடியுதுன்னு காட்டுறது அதுதான்.

என்னோட சீல்ல மேல "வட்டாட்சியர் அலுவலகம்", கீழ "பொள்ளாச்சி". கீழ் வரி மசி பரவி மங்கலா இருந்ததால தலை எந்தப் பக்கம்னு பாக்காம, மேல் வரி முடிஞ்ச நட்சத்திரத்துல இருந்து அப்படியே முள் திசைலயே தொடர்ந்து ஒவ்வொரு எழுத்தா குறிச்சேன். கிடைச்சது இது: சி, ச், கால், ள, ள், கால், ப, கொம்பு. அந்த முதல் காலைத் தனக்கு முன்னாடி குறிச்ச ச் கூட சேத்து "சிசா"ன்னு படிச்சுட்டு அப்படி எந்த ஊர் இருக்குன்னு தேடிட்டு இருந்தேன். தமிழ்ல திசை மாறுச்சுன்னா எழுத்து வரிசை மட்டும் கவுறது இல்ல, காலும் கொம்பும் வேற எழுத்துல போயி ஒட்டிக்குது, அதனால திருப்பிப் போட்டுப் பாத்தாலும் சட்டுன்னு பிடிபடாது.

வளையத்தைப் பட்டையா விரிக்கிறது

கழுத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறதை விட வட்டத்தை வெட்டி நேர் பட்டையா விரிச்சுடலாம். ஜிம்ப்லயும் பண்ணலாம், ஆனா மையத்தை எண்ணா குடுக்க முடியுறதால, கட்டளை அடிச்சு படத்தை மாத்துற இமேஜ்மேஜிக் தான் எனக்குப் பிடிக்கும்.

மையம் கண்டுபிடிக்க பெயிண்ட் மாதிரி ஏதாவதுல படத்தைத் திறந்து வளையத்தோட இடது ஓரம், வலது ஓரம், மேல், கீழ் எல்லாம் எத்தனாவது பிக்சல்னு குறிச்சுக்கோங்க. எனக்கு இடது 412, வலது 1286, மேல் 655, கீழ் 1533. ரெண்டு ரெண்டா கூட்டிப் பாதியாக்கினா மையம் 849, 1094. ஆரம் ஏறக்குறைய 438 வருது, ஓரம் வெட்டுப்படாம இருக்க 450ன்னு குடுத்தேன்.

```
magick seal.jpg -channel G -separate +channel -distort DePolar "450 0 849,1094" -resize 2800x450! -rotate 180 strip.png
magick strip.png strip.png +append strip2.png
magick strip2.png -rotate 180 strip3.png
```

முதல் வரில பச்சை சேனலை மட்டும் எடுக்குறோம், ஊதா மசி அதுலதான் நல்லா கறுப்பா தெரியும். கலர்ல சேவ் பண்ணச் சொன்னது இதுக்குத்தான். 2800ங்கிறது ஏறக்குறைய சுற்றளவு, உங்க ஆரத்தை 6.28ஆல பெருக்கி போட்டுக்கோங்க, இல்லன்னா எழுத்து நசுங்கிடும்.

பட்டை 12 மணில வெட்டுப்படும். அதனால strip.png-ல முதல்ல "அலுவலகம்", நடுவுல பொள்ளாச்சி தலைகீழா, கடைசில "வட்டாட்சியர்"னு வரும். அப்படியே எழுதிட்டா வரிசை போச்சு. அதான் ரெண்டாவது கட்டளைல அதையே பக்கத்துல இன்னொரு தடவை ஒட்டுறோம், இப்ப நட்ட நடுவுல "வட்டாட்சியர் அலுவலகம்" உடையாம நிக்கும். strip3-ல கீழ் வரி நேரா வந்துடும், இடமிருந்து வலமா படிச்சுக்கலாம்.

பட்டைல சீலோட வெளிக்கோடு நேரா இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. strip.png முழுக்க ஒரே ஒரு மேடு பள்ளமா அலை அடிச்சா மையம் தள்ளிப் போயிருக்கு, எண்ணை மாத்துங்க. ரெண்டு மேடு ரெண்டு பள்ளம் வந்தா வட்டமே முட்டையா இருக்கு, போட்டோவை நிமித்திட்டு மறுபடி ஆரம்பிங்க.

எழுதுறப்ப

கண்ணுக்கு முதல்ல கொம்பு, அப்புறம் ப, அப்புறம் கால்னு தெரியும். டைப் பண்றப்ப ப, அப்புறம் ஒகரக் குறி, அவ்ளோதான். கொம்பைத் தனியா, காலைத் தனியா அடிச்சா பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் பின்னாடி தேடுனா கிடைக்காமப் போகலாம்.

தேஞ்ச ரப்பர்ல முதல்ல காணாமப் போறது புள்ளி, அடுத்து கால். என் சீல்ல ப-வுக்கு அடுத்த கால் பாதிதான் விழுந்திருந்துச்சு. கால் இல்லன்னு வச்சா கொம்பு, ப, ள சேந்து "பௌ"ன்னு படிச்சுடுவோம். பட்டைல பாத்தப்ப ப-வுக்கும் ள-வுக்கும் நடுவுல ஒரு எழுத்து அகலத்துக்கு இடைவெளி இருந்துச்சு, ள மேல புள்ளியோட தடமும் இருந்துச்சு, அதை வச்சுதான் பொள்-னு முடிவு பண்ணேன். இப்படி ஊகிச்ச எழுத்தை சதுர அடைப்புக்குள்ள போடுங்க. நான் குடுத்தது இப்படி:

வட்ட முத்திரை, மேல்: வட்டாட்சியர் அலுவலகம் / கீழ்: [பொ]ள்ளாச்சி

1978-ல தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வர்றதுக்கு முன்னாடி செஞ்ச சீல்னா லை, னை எல்லாம் மேல தும்பிக்கை மாதிரி வளைஞ்சு இருக்கும், றா, னா வேற உருவத்துல இருக்கும். அதைத் தெரியாத எழுத்துன்னு விட்டுடாதீங்க, இன்னைக்கு எழுதுற மாதிரியே டைப் பண்ணுங்க.

சேர்த்தது: ஒருத்தர் பேப்பர்ல விழுந்த அச்சை எடுக்காம ரப்பர் கட்டையையே போட்டோ எடுத்துட்டு "எதுவுமே படிக்க முடியல"ன்னு கேட்டிருந்தார். கட்டைல எழுத்து கண்ணாடில பாக்குற மாதிரி இடவலம் மாறி இருக்கும், சுத்துற திசையும் மாறிடும். மத்த எதுவும் பண்றதுக்கு முன்னாடி இதை ஓட்டிட்டு, மையத்தை புதுப் படத்துல அளங்க, பழைய எண் பொருந்தாது:

```
magick block.jpg -flop seal.jpg
```

இன்னொருத்தர் சீல்ல நட்சத்திரமே இல்ல, மொத்தமும் ஒரே வரி, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னார். ரெண்டு தடவை ஒட்டின பட்டைல வார்த்தைகளுக்கு நடுவுல இருக்குற இடைவெளியை அளந்து பாக்கச் சொன்னேன். மத்ததை விட ஒரு இடைவெளி மட்டும் பெருசா இருந்துச்சு, சீலோட அடிப்பக்கம் 6 மணிகிட்ட, அதுக்கு அடுத்த வார்த்தைதான் ஆரம்பம்.