பதிலில் எத்தனை மரியாதை? வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

மார்த்தாண்டம் பக்கத்தில் என் உறவினர் தேன் விற்கிறார். கடைக்கு வரும் மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப் செய்திக்கும் பதில் எழுதுவது என் வேலை. எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாது, வயதும் தெரியாது. இப்படிப்பட்ட நேரத்தில் வந்த கடிதத்தின் மரியாதை அளவையே நம் பதிலுக்கும் அளவாக வைத்துக்கொள்ளலாம். அந்த அளவை எங்கே பார்ப்பது என்பதை நான் ஒரு விற்பனையை இழக்கப் பார்த்துத்தான் கற்றேன்.

நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: “மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்களிடம் ரப்பர்த் தேன் ஐந்து கிலோ கிடைக்குமா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். இப்படிக்கு,” கீழே முழுப்பெயர். நான் அனுப்பிய பதில்: “இருக்கிறது. முகவரி அனுப்பவும்.” அதன்பின் ஒரு வாரம் அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

தவறு ‘அனுப்பவும்’ என்ற சொல்லில் இருந்தது. அதை மரியாதைச் சொல் என்றே பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். ‘வரிசையில் நிற்கவும்’ என்று ரேஷன் கடைப் பலகையில் எழுதியிருப்பதை நினைத்துப் பாருங்கள். அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. ஆளே இல்லாத ஏவல் அது. கூட்டத்துக்குப் பொருந்தும். ‘தங்களிடம்’ என்று எழுதிய ஒருவருக்கு அது சுற்றறிக்கை போலக் கேட்கும்.

தமிழில் மரியாதை அளவைப் பார்க்க நான்கு இடங்கள் உண்டு: விளிப்பு, ‘நீங்கள்’ அல்லது ‘தாங்கள்’, கேட்கும் விதம், முடிப்பு. வினைமுற்றை நம்பிப் பயனில்லை. நீங்கள் என்றாலும் தாங்கள் என்றாலும் ‘கேட்டீர்கள்’தான். கேட்கும் விதத்தில்தான் படிகள் தெளிவாகத் தெரியும். ‘அனுப்புங்கள்’ நேராகப் பேசுவது. ‘அனுப்ப முடியுமா’ சற்று மென்மை. ‘அனுப்ப வேண்டுகிறேன்’ மேல்படி. ஆசிரியர் நின்றது மேல்படியில். ஆகவே பதில் இப்படி இருந்திருக்க வேண்டும்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் கேட்ட ரப்பர்த் தேன் ஐந்து கிலோ இருப்பில் உள்ளது. அனுப்ப வேண்டிய முகவரியைத் தெரிவிக்க வேண்டுகிறேன். இப்படிக்கு,” என்று முடித்து என் பெயர். (தன் பெயருக்கே ‘அவர்கள்’ சேர்த்துக்கொள்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.)

மேல்படியில் தொடங்குபவர்கள் அதிகமாகச் சறுக்குவது நடுவழியில். முதல் வரியில் ‘தாங்கள்’, மூன்றாம் வரியில் ‘உங்கள் முகவரி’. எழுதுபவர் கவனிக்க மாட்டார்; படிப்பவருக்கு முதல் வரி எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது என்று தெரிந்துவிடும். ‘தங்கள்’ என்று கடைசிவரை எழுத வராது என்றால் ‘நீங்கள்’ என்றே தொடங்கி, கேட்கும் விதத்தில் பணிவைக் காட்டுவது மேல்.

அளவைப் பார்க்கச் சொன்னதும் சிலர் அப்படியே நகலெடுக்கிறார்கள். குலசேகரம் பக்கத்துப் பெரியம்மா ஒருவர், “மக்களே, நல்ல தேன் ஒரு கிலோ எடுத்து வை” என்று குரலைப் போலவே எழுதுவார். எங்கள் மாவட்டத்தில் ‘மக்களே’ ஒரே ஆளைக் கூப்பிடும் வாஞ்சை. வெளியூர்க்காரர் கூட்டத்தைக் கூப்பிடுவதாக நினைப்பார். அது பெரியவரிடமிருந்து சிறியவருக்கு இறங்கி வரும் சொல். அதே வழியில் ஏறிப்போகாது. அவருடைய ‘வை’க்குப் பதிலாக நானும் ‘வா’ என்று எழுதினால் தீர்ந்தது கதை. “எடுத்து வைத்துவிட்டேன் பெரியம்மா, சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்பேன். நெருக்கத்தையும் சுருக்கத்தையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன், ஒருமையை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

“விலை?” என்று மட்டும் வரும் செய்தியை அலட்சியமாகக் கொள்ள வேண்டாம். பஸ்ஸில் நின்றுகொண்டு ஒற்றை விரலால் தட்டியதாக இருக்கலாம். நான்கு இடங்களில் ஒன்றுகூட அதில் இல்லை என்றால், அளவு தெரியவில்லை என்றுதான் பொருள். அப்போது ஒரு ‘வணக்கம்’, விலை, ஒரு ‘நீங்கள்’. அவ்வளவு போதும். அதற்குமேல் ‘மதிப்பிற்குரிய’ போட்டால் கேலி செய்வதாகத் தோன்றும்.

ஒருமுறை பிடித்த அளவிலேயே நின்றுவிடவும் கூடாது. அந்த ஆசிரியருக்கு ஒரு வாரம் கழித்து மேலே கண்ட பதிலை, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். தேன் போய்ச் சேர்ந்ததும், “வணக்கம். நீங்கள் அனுப்பிய தேன் கிடைத்தது. நன்றாக இருக்கிறது” என்று எழுதினார். ‘தங்கள்’ போய் ‘நீங்கள்’ வந்துவிட்டது, ‘இப்படிக்கு’ என்ற முடிப்பும் இல்லை. ஒருபடி அவர் இறங்கியபின் நானும் ஒருபடி இறங்கினேன்: “வணக்கம் ஐயா. மகிழ்ச்சி. அடுத்த முறை வேண்டும்போது சொல்லுங்கள்.” இப்போது என்னைத் தம்பி என்கிறார். எனக்கு அவர் இன்னும் ஐயாதான்.