சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு: புகையிலை போடுபவர்கள் செய்யும் தவறுகள்

பல்வலி என்று வந்தார் ஒரு கொத்தனார். வயது 52. இடது கன்னத்தை விலக்கிப் பார்த்தால், கடைவாய்ப் பல்லுக்கு நேரே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளைத் திட்டு. தினமும் புகையிலையை அடக்கி வைப்பதும் அதே இடத்தில்தான். "மூணு வருஷமா இருக்கு டாக்டர், வலியே இல்லையே" என்றார்.

வலி இல்லாததால் விட்டுவிடுவதுதான் முதல் தவறு. இந்தத் திட்டு பெரும்பாலும் வலிக்காது. புற்றுநோயாக மாறத் தொடங்கிய பிறகுகூட கொஞ்ச காலம் வலிக்காமல் இருக்கலாம்.

அவர் உப்பு வைத்துத் தேய்த்திருக்கிறார், பிரஷ்ஷால் சுரண்டியிருக்கிறார். வாயில் வரும் பூஞ்சைப் படலம் பால் ஆடை மாதிரி மேலே ஒட்டியிருக்கும். துணியால் துடைத்தால் வந்துவிடும், அடியில் சிவந்து தெரியும். இது அப்படி ஒட்டியிருப்பது அல்ல, தோலே தடித்துப்போயிருக்கிறது. ஒரு முறை மெதுவாகத் துடைத்தும் போகவில்லை என்றால் அதுவே பல் மருத்துவரிடம் போவதற்கான அடையாளம். மேலும் சுரண்டினால் புண்தான் மிஞ்சும். வாய்ப்புண் ஜெல்லும் சத்து மாத்திரையும் வாங்கிப் போட்டு மாதங்களை ஓட்டுபவர்களும் நிறைய.

இன்னொரு பழக்கம், புகையிலையை வலது பக்கத்துக்கு மாற்றிக்கொள்வது. அப்போது அந்தக் கன்னமும் கெடும். புகையிலையை விட்டு வெறும் வெற்றிலை பாக்குக்கு வருவதும் தப்பிக்கும் வழி அல்ல. பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்.

திட்டு முழுக்க மெல்லியதாக, ஒரே வெள்ளையாக இருந்தால், புகையிலையை அடியோடு நிறுத்தி 2 வாரம் கழித்துப் பார்ப்போம். சிலருக்கு மங்கி மறைந்தே போகும். மறையாவிட்டால் பயாப்சி எனும் சதைப் பரிசோதனை. ஆனால் இவருடைய திட்டின் ஓரத்தில் ஒரு இடம் சிவந்து, விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தது. வெள்ளையை விட சிவப்புக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம். அப்படி இருந்தால் 2 வாரம் காத்திருக்காமல் உடனே பயாப்சி எடுக்க வேண்டும்.

"கத்தி பட்டா பரவிடும்" என்று அவர் மனைவி தயங்கினார். இந்தப் பயத்தால் திரும்பிப் போனவர்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. பயாப்சி எடுப்பதால் புற்றுநோய் பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் சதை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவோம். வெள்ளையான இடத்தில் மட்டும் எடுத்தால் நோய் கண்ணில் படாமல் போகலாம் என்பதால், சிவந்த இடத்தையும் சேர்த்து எடுத்தோம்.

புற்றுநோய் இல்லை, ஆனால் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் செல்களில் நடுத்தர அளவுக்கு இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. திட்டை முழுதாக அகற்றினோம். அகற்றிய இடத்திலும் வாயின் வேறு பகுதியிலும் திரும்ப வரலாம் என்பதால் 3 மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறோம். போன முறை மனைவியே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.