"ஏன் இத்தனை வேலை மாற்றம்?" என்ற கேள்விக்கு ஆறு வரிப் பதில்

ஐந்து ஆண்டுகளில் நான்கு அலுவலகம். நான்காவதில் இரண்டு ஆண்டுகளாக நிலையாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் மணலியில் ஒரு சரக்கு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது, "அடிக்கடி மாறியிருக்கிறீர்களே, இங்கே நிலைப்பீர்களா?" என்று ஹெச்.ஆர். அம்மையார் மின்னஞ்சலில் கேட்டுவிட்டார்.

முதலில் ஒரு தாளில் ஒவ்வொரு வேலைக்கும் மாதக்கணக்கையும் உண்மைக் காரணத்தையும் எழுதுங்கள். என்னுடையது: 14 மாதம், ஒப்பந்தம் முடிந்தது. 11 மாதம், அலுவலகம் ராஜாஜி சாலையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போனது. தண்டையார்பேட்டையிலிருந்து போய்வருவதிலேயே பாதி நாள் கழிந்தது. 8 மாதம், சம்பளத்துக்காக நானே விட்டேன்.

அடுத்து, தானாக முடிந்தவற்றையும் நீங்களாக விட்டவற்றையும் பிரியுங்கள். முதல் வகைக்கு அரை வரி போதும்.

நான் சறுக்கியது இரண்டாம் வகையில். அந்த எட்டு மாதத்துக்கு "வளர்ச்சி வாய்ப்பு" என்று பூசி மெழுகினேன். "என்ன வளர்ச்சி?" என்று உடனே மறுகேள்வி வந்தது. பதற்றத்தில் பழைய மேலாளரைப் பற்றி மூன்று பத்தி புலம்பி அனுப்பினேன், அத்தோடு அமைதி. அவர்கள் அறிய விரும்பியது ஒன்றுதான்: அதே காரணம் இங்கேயும் வருமா? ஆகவே காரணத்தைச் சொன்ன கையோடு, இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். "ஐந்து ஆண்டு இருப்பேன்" என்ற சத்தியம் வேண்டாம், யாரும் நம்புவதில்லை.

ஒரு வாரம் கழித்து நான் அனுப்பியதன் தமிழ் வடிவம்:

"முதல் வேலை ஒப்பந்தம் முடிந்ததால் நின்றது, இரண்டாவது, அலுவலகம் இடம் மாறியதால். மூன்றாவதை எட்டு மாதத்தில் சம்பளத்துக்காக நானே விட்டேன். அடுத்து சேர்ந்த இடத்தில் இரண்டு ஆண்டுகளாக ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் வேலை பார்க்கிறேன். இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி வேலை அங்கே இல்லை. உங்களிடம் இரண்டும் உண்டு, சம்பளமும் நான் கேட்டதுதான். மணலி என் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது."

(கன்டெய்னர் லாரிகள் வழிவிட்டால் அருகில்தான். அதை எழுதவில்லை.) மறுநாளே நேர்காணலுக்கு அழைத்தார்கள்.

பதிலை நோட்பேடில் எழுதி, ஒருமுறை உரக்கப் படித்த பிறகு மின்னஞ்சலில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு எனக்குப் பிடிக்காது. மின்னஞ்சலைப்போல அதை ஹெச்.ஆர். தன் மேலதிகாரிக்கு அப்படியே அனுப்பிவைக்க முடியாது.

பின்சேர்க்கை: பதிலில் சொன்ன தேதியும் பி.எஃப். பதிவில் இருந்த தேதியும் ஒத்துப்போகவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டால், இரண்டு வேலையை ஒரே நேரத்தில் பார்த்ததுபோல் தெரியும். யு.ஏ.என். தளத்தில் `Manage` பகுதியில் `Mark Exit` மூலம் நீங்களே பதியலாம். ஆனால் விலகி இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். அதைச் சரிபார்த்துவிட்டுப் பதிலை அனுப்புங்கள்.