புது வரி சேர்த்தால் தானாக நீளும் சார்ட்

கடையின் தினசரி விற்பனையை எக்செலில் A1 முதல் B31 வரை எழுதி சார்ட் போட்டிருப்பீர்கள். 32-வது வரியில் அடுத்த நாள் கணக்கைச் சேர்த்தால், சார்ட் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும், ஏனென்றால் அதற்குத் தெரிந்தது 31-வது வரி வரைதான்.

தரவுக்குள் ஒரு செல்லில் கர்சரை வைத்து Ctrl+T அழுத்துங்கள். முதல் வரி தலைப்பு என்பதால் My table has headers டிக் ஆகியிருக்க வேண்டும், அப்புறம் OK கொடுத்தால் தரவு டேபிளாக மாறிவிடும். இனி Insert போய் சார்ட் போட்டால் போதும். ஏற்கெனவே போட்ட சார்ட்டும் எல்லா வரிகளையும் எடுத்திருந்தால் அதை அழிக்க வேண்டியதில்லை, அதுவும் டேபிளோடு சேர்ந்து வளரும்.

இப்போது A32-ல் தேதியை டைப் செய்து என்டர் தட்டுங்கள். டேபிளின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்ன அடையாளம் ஒரு வரி கீழே இறங்கினால் சரி, சார்ட்டும் கூடவே நீண்டிருக்கும். இறங்கவில்லையா? பெரும்பாலும் நடுவில் ஒரு வரி காலியாக விட்டிருப்பீர்கள், இல்லையென்றால் கடைசியில் Total Row இருக்கும். அது இருந்தால் அதற்குக் கீழே எழுதக் கூடாது, அதற்கு மேலே உள்ள கடைசி விற்பனைத் தொகையில் நின்று Tab அழுத்துங்கள், புது வரி வந்துவிடும்.