வருமானமும் செல்வமும்: இருப்பையும் ஓட்டத்தையும் பிரித்தறிவது எப்படி?

ஒரு தொகை இருப்பா ஓட்டமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தத் தொகையிடம் தேதி கேளுங்கள். "எந்தத் தேதியில்?" என்று கேட்டால் பொருத்தமான விடை கிடைக்கிறதென்றால் அது இருப்பு, "எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை?" என்று கேட்டால்தான் பொருள் விளங்குகிறதென்றால் அது ஓட்டம். வங்கியில் உள்ள பணம், வீட்டின் மதிப்பு, அடைக்க வேண்டிய கடன் ஆகியவை முதல் வகை. சம்பளம், வட்டி, செலவு ஆகியவை இரண்டாம் வகை. பெரிய தொகையெல்லாம் இருப்பு என்றும் சிறிய தொகையெல்லாம் ஓட்டம் என்றும் பலர் மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். அளவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

வருமானம் 1,000 என்றால் செல்வமும் 1,000 கூடுமா?

கூடாது. ஏன் என்பதை ஒரு குடும்பத்தின் ஓராண்டுக் கணக்கைக் கொண்டு பார்ப்போம். வரி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்; முறை மாறப்போவதில்லை.

முதல் படி, ஆண்டின் தொடக்க நாளில் உள்ள இருப்புகளை எழுதுவது. வீட்டின் மதிப்பு 4,000, வங்கியில் 500, வீட்டுக் கடன் 2,000. சொத்துகளைக் கூட்டிக் கடனைக் கழித்தால் நிகரச் செல்வம் 2,500.

இரண்டாம் படி, ஆண்டு முழுவதும் நடந்த ஓட்டங்களை எழுதுவது. வருமானம் 1,000, குடும்பச் செலவு 600, கடனுக்குக் கட்டிய வட்டி 200. மிஞ்சுவது 200. இதுவே அந்த ஆண்டின் சேமிப்பு. அதில் 120 கடன் அசலை அடைக்கப் போயிற்று, மீதி 80 வங்கியில் சேர்ந்தது.

மூன்றாம் படி, ஆண்டின் இறுதி நாளில் இருப்புகளை மீண்டும் எழுதுவது. வங்கியில் 580, கடன் 1,880, இதற்கிடையில் விலையேறியதால் வீட்டின் மதிப்பு 4,300. நிகரச் செல்வம் இப்போது 3,000.

நான்காம் படியாக, இரண்டு நாள்களுக்கு இடைப்பட்ட வேறுபாட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டும். செல்வம் 500 கூடியிருக்கிறது. சேமிப்போ 200 மட்டுமே. எஞ்சிய 300 யாரும் உழைத்துச் சேர்த்ததன்று, ஏற்கெனவே இருந்த வீட்டின் விலை உயர்ந்ததால் வந்த மதிப்பு மாற்றம்.

```
இறுதிச் செல்வம் = தொடக்கச் செல்வம் + சேமிப்பு + மதிப்பு மாற்றம்
3,000 = 2,500 + 200 + 300
```

அன்பளிப்பு, வாரிசுச் சொத்து, திருட்டு, சேதம் போன்றவை நேர்ந்திருந்தால் அவற்றுக்கும் வலப்புறத்தில் ஓர் இடம் வேண்டும்.

கடன் அசலைக் கட்டியதும் செலவுதானே?

கையை விட்டுப் பணம் போவதால் அப்படித் தோன்றுகிறது. தொடக்க நிலையில் இருப்பவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். அசலாக 120 கட்டும்போது வங்கி இருப்பு 120 குறைகிறது, கடனும் அதே 120 குறைகிறது, ஆகவே நிகரச் செல்வம் அசையவே இல்லை. வட்டிக்கு அப்படியோர் ஈடு கிடையாது. அது போனது போனதுதான். அசலையும் செலவில் சேர்த்துவிட்டால் சேமிப்பு 80 என்று வரும், அதனுடன் மதிப்பு மாற்றம் 300-ஐக் கூட்டினால் 380 தான் கிடைக்கும், ஆனால் செல்வம் 500 கூடியிருக்கிறது. விளக்கமில்லாமல் நிற்கும் 120 சரியாக அசல் தொகையே என்பதைக் கவனித்தால் பிழை இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

வீட்டு விலை உயர்ந்த 300 வருமானம் ஆகாதா?

இதற்கு ஒரே விடை இல்லை. நாட்டு வருமானக் கணக்குகள் இத்தகைய மதிப்பு ஏற்றத்தை வருமானத்தில் சேர்ப்பதில்லை, ஏனெனில் அந்த ஆண்டின் உற்பத்தியிலிருந்து அது பிறக்கவில்லை. மாறாக, ராபர்ட் ஹேக், ஹென்றி சைமன்ஸ் ஆகிய பொருளியலாளர்களின் பெயரால் அறியப்படும் வரையறை, நுகர்வையும் செல்வத்தில் ஏற்பட்ட மாற்றத்தையும் கூட்டி வருமானம் என்கிறது. வட்டி போக இந்தக் குடும்பத்தின் வருமானம் முதல் முறைப்படி 800. இரண்டாம் முறைப்படி 600-உம் 500-உம் சேர்ந்து 1,100. எதை எடுத்தாலும் சரி, கணக்கின் நடுவில் முறையை மாற்றக் கூடாது. என் கருத்தில், வரவு செலவைத் திட்டமிடுவோருக்கு முதல் முறையே ஏற்றது, ஏனெனில் வீட்டை விற்காதவரை அந்த 300-ஐக் கொண்டு எதையும் வாங்க முடியாது.

செல்வம் வருமானத்தைப் போல 3 மடங்கு என்று சொல்வது தவறா?

தவறில்லை, ஆனால் அந்த 3 வெறும் எண் அன்று. 3 ஆண்டு வருமானம் என்பதே அதன் பொருள். அதே வருமானத்தை மாதக் கணக்கில் எடுத்தால் விகிதம் 36 ஆகிவிடும், குடும்பத்தின் நிலைமையோ சிறிதும் மாறியிருக்காது. ஒரு நாட்டின் கடன் அதன் உற்பத்தியில் 60 விழுக்காடு என்று படிக்கும்போதும் கடன் ஓர் இருப்பு, உற்பத்தி ஓராண்டு ஓட்டம். ஆகவே அது ஏறத்தாழ 7 மாத உற்பத்திக்குச் சமமான கடன், உற்பத்தியில் 60 விழுக்காடு ஆண்டுதோறும் கடனுக்குப் போகிறது என்பதன்று.