சித்திரைப் புத்தாண்டு லீவும் "என் விண்ணப்பம் என்ன மாதிரி?" என்ற மெயிலும்

கொழும்பில் உள்ள ஒரு கம்பனியில் நேர்முகப் பரீட்சை முடித்துவிட்டு திருகோணமலையில் காத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் ஒரு பொல்லாத மாதம். "இரண்டு கிழமையில சொல்லுறம்" என்று அனுப்பிவிடுவார்கள், பிறகு அந்த இரண்டு கிழமையின் நடுவே புத்தாண்டு வந்து விழும். பலர் இங்கேதான் தவறான நாளில் மெயில் போடுகிறார்கள்.

நாட்காட்டியில் சிவப்பாக இருக்கும் நாட்களை மட்டும் கணக்கில் எடுப்பதுதான் முதல் பிழை. நம் ஊரில் ஏப்ரல் 13, 14 முடிந்தால் சரி. மருத்துநீர் வைத்து, கோணேசர் கோயிலுக்குப் போய், கைவிசேஷம் வாங்கி வந்த அடுத்த நாளே கடைத்தெருவில் பாதிக் கடைகள் திறந்திருக்கும், முஸ்லிம் கடைகள் பலவற்றுக்குப் பூட்டு விழுந்தே இருக்காது. அதைப் பார்த்துவிட்டு கொழும்பும் திரும்பியிருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். கொழும்பு அலுவலகங்களில் வேலை செய்பவர்களில் பெரும் பங்கு வெளியூர்க்காரர்கள். காலி, மாத்தறை, குருநாகல், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று எல்லாரும் ஊருக்குக் கிளம்ப, பல தனியார் கம்பனிகள் அந்தக் கிழமை முழுக்கக் கதவை மூடிவிடும். திறக்கும் நாளையும் சில இடங்களில் வேலை தொடங்கும் சுபநேரம் பார்த்துத்தான் வைப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இலங்கை நாட்காட்டியில் பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்று வகை உண்டு. பெரிய வெள்ளி முதல் இரண்டிலும் வரும், மூன்றாவதில் வராது. அதனால் அரச உத்தியோகத்தில் இருக்கும் மாமா "அன்றைக்கு எல்லா இடமும் லீவு" என்று சொல்வதை வைத்து தனியார் கம்பனி இயங்குமா என்று முடிவு செய்ய முடியாது. கம்பனியின் பேஸ்புக் பக்கத்தில் போடும் விடுமுறை அறிவித்தலைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஏப்ரல் முதற்கிழமையில் அவர்களின் பொது எண்ணுக்கு அழைத்து "எப்ப மூடி எப்ப திறக்கிறீங்கள்" என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள். இது விண்ணப்ப நிலை விசாரிப்பு அல்ல, யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

2025 ஏப்ரலை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேர்முகப் பரீட்சை 3ஆம் திகதி வியாழன், இரண்டு கிழமையில் பதில் என்று சொல்லியிருக்கிறார்கள். நாட்காட்டிப்படி 17ஆம் திகதி அது முடிகிறது, நம் ஆள் அன்று காலையிலேயே மெயில் அனுப்புவார். ஆனால் அந்தக் கம்பனி 11ஆம் திகதி வெள்ளி மாலை மூடி 21 திங்கள் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 போயா, 13, 14 புத்தாண்டு, 18 பெரிய வெள்ளி என்று இடையில் எல்லாம் கலந்து கிடக்க, மிஞ்சிய நாட்களைக் கம்பனியே லீவாக விட்டுவிட்டது. இரண்டு கிழமை என்றால் அவர்களின் தலைக்குள் 10 வேலை நாட்கள். 4ஆம் திகதி தொடங்கி 11 வரை 6 நாட்கள், திறந்த பிறகு 21 முதல் 24 வரை 4 நாட்கள். ஆக அவர்கள் சொன்ன இரண்டு கிழமை உண்மையில் முடிவது 24ஆம் திகதி. 17இல் போன மெயில், இன்னும் ஒரு கிழமைக் கெடு பாக்கியிருக்கும் ஒருவரிடம் "ஏன் தாமதம்" என்று கேட்டதாகிவிடும்.

சரி, 21 திங்கள் காலையிலேயே போடலாமா? வேண்டாம். முதல் நாள் காலை விளக்கேற்றி, பாற்சோறும் கொண்டைப் பணியாரமும் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்வதிலேயே போய்விடும். அதன் பிறகு திறக்கும் மெயில் பெட்டியில் பத்து நாள் சேர்ந்த கடிதங்கள் குவிந்திருக்கும், அவற்றை மேலோட்டமாகத் தட்டித் தள்ளும் நேரத்தில்தான் உங்களுடையதும் கண்ணில் படும். அதைவிட, பதில் சொல்ல மனிதவளப் பிரிவுக்காரர் மட்டும் போதாது. பிரிவு முகாமையாளர் ஆளைத் தெரிவு செய்ய வேண்டும், சம்பளத் தொகைக்கு நிதிப் பிரிவு தலையாட்ட வேண்டும், நியமனக் கடிதத்தில் பணிப்பாளர் கையெழுத்திட வேண்டும். இவர்களில் ஒருவர் லீவை இரண்டு நாள் நீட்டியிருந்தாலும் கோப்பு நகராது. சின்னக் கம்பனியில் சம்பளப் பட்டியல் போடுவதும் அதே மனிதவளப் பிரிவுக்காரர்தான் என்பதால் 25ஆம் திகதி வரைக்கும் அவர் தலை நிமிர மாட்டார்.

அதனால் இந்தக் கணக்கில் மெயில் போடச் சரியான நாள் 28 திங்கள் மத்தியானத்துக்குப் பிறகு, அல்லது 29 செவ்வாய் காலை. ஆனால் அதற்கும் மேல் தள்ளிப்போடுவதும் பிழைதான். மே 1 வியாழன் தொழிலாளர் தினம், 12, 13 வெசாக். ஏப்ரல் கடைசியைத் தவறவிட்டால் அடுத்த லீவுக்குள் போய் மாட்டுவீர்கள்.

லீவுக்கு முன்பே கேட்க வேண்டிய ஒரு நிலைமையும் உண்டு. வேறொரு கம்பனி வேலை தந்து, 16ஆம் திகதிக்குள் சம்மதம் கேட்கிறது என்றால் காத்திருக்கவே கூடாது. அப்போதும் 10, 11ஆம் திகதிகளில் கேட்டுப் பயனில்லை, அந்த இரண்டு நாளும் ஆட்கள் பஸ் சீட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். 7 அல்லது 8ஆம் திகதியே, காரணத்தையும் கெடுவையும் திறந்து எழுதிவிடுங்கள். கையெழுத்துக்காரர்கள் அப்போதுதான் இன்னும் அலுவலகத்தில் இருப்பார்கள்.

அப்புறம் வாட்சப். "இனிய புத்தாண்டு வாழ்த்துகள் சேர், என்ட விண்ணப்பம் என்ன மாதிரி?" என்று 14ஆம் திகதி காலை அனுப்புவது நல்ல வாழ்த்தும் இல்லை, நல்ல விசாரிப்பும் இல்லை. வாழ்த்த வேண்டும் என்றால் வாழ்த்திவிட்டு நிறுத்துங்கள். இதைவிடக் கொடுமை, அந்தக் கம்பனியில் வேலை செய்யும் யாரோ ஒருவர் ஊருக்கு வந்திருப்பதைக் கோயில் வாசலில் கண்ட மாமி, "தம்பி, இவன்ட வேலை விசயம் ஒருக்கா பாருங்கோவன்" என்று பிடித்துக்கொள்வது. அவர் கணக்குப் பிரிவில் இருப்பார், அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல முடியாது.

லீவில் அனுப்பிய மெயிலுக்குத் தானாக ஒரு பதில் வந்தால் அதை ஒழுங்காக வாசியுங்கள். 21ஆம் திகதி திரும்புவேன் என்று அதில் இருந்தால், உடனே பணிப்பாளரின் முகவரியைத் தேடி அவருக்கும் ஒரு பிரதி போடாதீர்கள். அப்படி எந்தப் பதிலும் வரவில்லை என்பதற்காக ஆள் மேசையில் இருக்கிறார் என்றும் அர்த்தமில்லை, பலர் அதை வைக்க மறந்துவிட்டே ஊருக்குப் போகிறார்கள்.

அந்த நாட்களில் எழுதாமல் இருக்க முடியாதவர்கள் எழுதி வைத்துவிட்டு ஜிமெயிலில் Schedule send கொடுத்து 29ஆம் திகதி காலை பத்து மணிக்கு வைத்துவிடலாம். புது மெயிலாக இல்லாமல் நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள், பதவி, பரீட்சை நடந்த திகதி, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற ஒரே கேள்வி, இவ்வளவும் நான்கு வரிக்குள் அடங்கும். "லீவுக்கு முன்னரே பதில் தருவதாகச் சொன்னீர்கள்" போன்ற குத்தல் வேண்டாம்.

வளைகுடாக் கம்பனி என்றால் கணக்கு மாறும். பெருநாள் பிறை பார்த்து வருவதால் லீவு ஒரு நாள் முன்பின்னாகும். கட்டாரிலும் சவூதியிலும் வார இறுதி வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலை நாள். டுபாயில் 2022இலிருந்து சனி, ஞாயிறு. சவூதிக் கம்பனியில் ஞாயிறுதான் நம்முடைய திங்கள் மாதிரி, பெட்டி நிரம்பி வழியும் நாள். அங்கே மெயில் போடத் திங்களோ செவ்வாயோ பாருங்கள்.